மூஞ்சி தெரியிற இடம்

சினிமாவில் உதவி இயக்குநராக இருந்த வருடங்களில் பாதிக்கு மேல் நான் கூட்டத்தைத்தான் மேய்த்தேன். கதை பேசும்போது என்னைக் கூப்பிட மாட்டார்கள். நாயகிக்கு வசனம் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது. முந்நூறு பேரை வெயிலில் நிறுத்த வேண்டும் என்றால் மட்டும் எல்லோருக்கும் என் ஞாபகம் வந்துவிடும். குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் காட்டில் படப்பிடிப்பு என்று முடிவானதும், "உங்க ஊர்ப்பக்கம்தானே, நீயே பாத்துக்க" என்று இணை இயக்குநர் மொத்தத்தையும் என் தலையில் கட்டினார். நான் அரியலூர்க்காரன். அதற்கு இப்படி ஒரு தண்டனை இருக்கும் என்று நினைக்கவில்லை.

மழை பொய்த்துப்போன வருடம். மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் காய்ந்து நின்றது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான். பஞ்சத்தில் அடிபட்ட ஊர், தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு காத்திருக்கிறது, லாரி வருகிறது, கூட்டம் ஓடுகிறது. இரண்டு நாள் வேலை. நிஜமாகவே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த ஜனங்களை வரவழைத்து, தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள். இருபத்தைந்து பேர் ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர் என்று பிரித்தேன். புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்கவில்லை. பிரித்தால் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு நடந்துவிடுவார்கள். வெள்ளைச் சட்டை, பளபளப்புச் சேலை எல்லாம் பின்னால். கைக்கடிகாரம், தலையில் வைத்த பூ, கம்பெனிப் பெயர் போட்ட பனியன் எல்லாவற்றையும் கழற்ற வைத்தேன். பிறகு ஒரு மாட்டுவண்டி மேல் ஏறி நின்று மெகாபோனில் பேசினேன்.

"கேமராவப் பாக்காதீங்க. லாரி வர்ற திசையப் பாருங்க. ஆளுக்குப் பின்னாடி ஆள் மறைஞ்சு நிக்காதீங்க. பக்கத்துல யாரு, முன்னாடி யாருன்னு நல்லாப் பாத்து வச்சுக்குங்க. சாப்புட்டு வந்ததும் அதே எடத்துல நிக்கணும். நாளைக்கும் இதே சட்ட, இதே சேல. தொவைக்காதீங்க."

நிற்கும் இடத்துக்குச் சுண்ணாம்பில் கோடு போட்டால் படத்தில் தெரியும். அதனால் ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு கல் போட்டேன். சவுக்குக் கம்பு நட்டு சாமியானா போட்டு, டிரம்மில் தண்ணீர், பதினோரு மணிக்கு மோர். பெண்கள் ஒதுங்குவதற்குக் கருவேலங்காட்டின் தெற்குப் பக்கத்தை ஒதுக்கி, அந்தப் பக்கம் ஆண்கள் போகாமல் பார்க்க ஒரு ஆளை உட்கார வைத்தேன். இதையெல்லாம் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். செய்தது சரியாக இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். ஒன்றைத் தவிர.

வெளிச்சம் சரியில்லை, கிரேன் வரவில்லை, நாயகனுக்குத் தலைவலி. பத்து மணிக்கு எடுப்பதாக இருந்த ஷாட் மூன்று மணிக்குத் தள்ளிப்போனது. "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று கூட்டத்திடம் நான் எப்போதும் சொல்வதில்லை. ஒரு தடவை பொய் சொன்னால் அடுத்த தடவை எழுந்து வரமாட்டார்கள். "மதியத்துக்கு மேல ஆவும், நெழல்ல படுங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தக் காத்திருப்பில்தான் அவர் என்னிடம் வந்தார்.

செந்துறைப் பக்கத்து ஆள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பத்துப் பதினைந்து நாள் தாடி, பாதி நரை. ஊதாக் கட்டம் போட்ட சட்டை.

"சார், நம்மள மூஞ்சி தெரியிற எடத்துல நிறுத்துங்க சார்."

முந்நூறு பேரும் அதைத்தான் கேட்பார்கள். நான் சிரித்துக்கொண்டே, "பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"எம்புள்ள போயி ஆறு வருஷம் ஆச்சு சார். பத்தாவதுல கோட்டு அடிச்சிட்டான், பெயிலு. நான் கை நீட்டிட்டேன். பஸ் ஏறிப் போயிட்டான். எங்க இருக்கான்னு தெரியல. ஆனா சினிமான்னா உசுரு அவனுக்கு. எந்தப் படம் வந்தாலும் மொத நாளே பாத்துருவான். இதையும் பாப்பான்ல சார்?"

எந்த ஊரில் இருந்தாலும் அவன் படம் பார்ப்பான், அப்பாவைப் பார்த்தால் கோபம் போய்விடும் என்று அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதை அடித்துப் போட எனக்கு மனம் வரவில்லை. சென்னையிலிருந்து வந்த துணை நடிகர்கள்தான் முன்வரிசையில் நிற்பது வழக்கம். அவர்களில் ஒருவரை நகர்த்திவிட்டு, நடுவில் இவர் காலடியில் கல்லைப் போட்டேன். அந்தத் துணை நடிகர் என்னை முறைத்தார்.

மூன்று மணிக்கு கிரேனில் இருந்து மொத்தக் கூட்டத்தையும் எடுத்தார்கள். அதில் யார் முகமும் கடுகளவுதான். எடுத்து முடித்ததும் இயக்குநர் கீழே இறங்கி வந்து முன்வரிசையைப் பார்த்தபடி நடந்தார். செந்துறைக்காரர் முன்னால் வந்ததும் நின்றார்.

"இந்த முகம் நல்லாருக்கு. நாளைக்கு லாரி வர்றதுக்கு முன்னாடி இவருக்கு ஒரு குளோசப் வைக்கலாம்."

எனக்கு அன்று உண்மையிலேயே சந்தோஷம். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். "நாளைக்கு உங்க மூஞ்சி மட்டும் தனியா, தெர முழுக்க வரும். அதே சட்டையில வாங்க. ஜம்முன்னு வாங்க." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இறங்கினார். நான் சாமியானாவுக்குள் மோருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் யாரென்றே தெரியவில்லை. முகம் மழுமழுவென்று இருந்தது. மீசையை ஒழுங்குசெய்து, தலைக்கும் மீசைக்கும் சாயம் போட்டிருந்தார். அதே ஊதாச் சட்டை.

"நீங்க சொன்ன மாதிரி தொவைக்கக்கூட இல்ல சார்" என்று சட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"தாடி எங்கங்க?"

"வழிச்சிட்டேன் சார். அவன் போறப்ப எனக்கு முடியெல்லாம் கறுப்பு. தாடியும் இல்ல. இப்ப இருக்கிற மூஞ்சியப் பாத்தா அவனுக்கு எப்பிடி அடையாளம் தெரியும்?"

முந்நூறு பேரிடம் சட்டையைப் பற்றிச் சொன்னேன், சேலையைப் பற்றிச் சொன்னேன். முகத்தை மாற்றக்கூடாது என்று சொல்லவில்லை. நேற்று எடுத்ததும் இன்று எடுப்பதும் படத்தில் ஒரே மதியம். சென்னை ஆட்களுக்கு அது தெரியும், அதனால் அவர்களிடம் நாங்கள் சொல்வதில்லை. அந்தப் பழக்கத்தில் இவரிடமும் விட்டுவிட்டேன். அதோடு ஜம்முன்னு வேறு வரச்சொன்னேன்.

மேக்கப்மேனின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் பாவம், பசை தடவிப் பொய்முடியைக் கத்தரித்துக் கத்தரித்து ஒட்டினார். அரை மணி நேரம் செந்துறைக்காரர் கண்ணை மூடியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெயிலில் நின்ற பத்தாவது நிமிடம் வியர்வையில் ஓரம் கிளம்பிவிட்டது. இயக்குநர் கேமராவில் பார்த்துவிட்டு, "பொம்மை மாதிரி இருக்கு. வேற ஆளு" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதே வரிசையில் நான்காவதாகத் தாடியோடு இருந்த ஒருவரைக் காட்டினார். அந்த ஆள் அதுவரை உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி நிறுத்தினேன். ஒரே டேக்கில் ஓகே.

அதோடு போகவில்லை. நேற்று நடுவில் ஊதாச் சட்டை நின்றது, இன்றைக்கும் நிற்க வேண்டும். இணை இயக்குநர் என்னைத் தனியே கூப்பிட்டு, "சட்டைய வாங்கி ஒசரம் சரியா இருக்கிற ஆளுக்குப் போட்டு, முதுகு தெரியிற மாதிரி நிறுத்து. இவர அனுப்பிரு" என்றார். நான் போய்க் கேட்டேன். அவர் எதற்கென்று கேட்கவில்லை. பொத்தானைக் கழற்றிச் சட்டையைக் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு நின்றார்.

"நான் என்ன சார் தப்புப் பண்ணிட்டேன்?"

"நீங்க பண்ணலங்க. நான்தான்" என்றேன். அவருக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை.

அனுப்ப மனம் வராமல், உடைப்பெட்டியிலிருந்து ஒரு பழைய சட்டையை எடுத்து மாட்டிவிட்டு, கூட்டம் ஓடும் ஷாட்டில் கடைசி வரிசையில் சேர்த்தேன். ஓடும்போது எல்லோரும் லாரியைப் பார்த்தார்கள். அவர் மட்டும் தலையைத் திருப்பி, கிரேன் மேலிருந்த கேமராவைப் பார்த்தபடியே ஓடினார். நான் கத்தி நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அவருக்காக நான் செய்தது அவ்வளவுதான்.

படம் வெளியாகி பெரம்பலூரில் ஒரு வாரம்தான் ஓடியது. நான் போய்ப் பார்த்தேன். கூட்டம் ஓடும் இடத்தில் முன்னால் இருபது பேர் தெரிந்தார்கள், அதற்குப் பின்னால் கரிசல் மண் புழுதிதான். கிரேன் ஷாட்டை இரண்டு நொடிக்கு வெட்டியிருந்தார்கள். தூங்கி எழுந்த அந்த ஆளின் முகம் திரை முழுக்க வந்தது. பக்கத்தில் இருந்தவர் உச்சுக்கொட்டினார்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தபோது, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவரே என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். தாடி மறுபடி வளர்ந்திருந்தது. சாயம் போய் நரை முழுக்க வெளியே தெரிந்தது.

"சார், நான் நாலு தடவ பாத்தேன் சார். எஞ்சட்ட தெரியுது. என்னையத்தான் கண்டுபிடிக்க முடியல. எனக்குக் கண்ணு வேற மங்கிப் போச்சு. எந்த எடத்துல சார் தெரியிறேன்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லி ஒரு நல்லதைச் செய்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். அந்த இடத்தில் எவனும் அப்படித்தான் நினைப்பான்.

"ஓடுற எடத்துலங்க. எடது பக்கம். நல்லாவே தெரியிறீங்க. தெரிஞ்சவங்க பாத்தா பளிச்சுன்னு கண்டுபிடிச்சிருவாங்க."

"நெசமாவா சார்?"

"நெசமாத்தாங்க. எங்க வூட்டுல பாத்தவங்ககூட சொன்னாங்க."

செந்துறை பஸ் பின்னால் வந்து திரும்பி நின்றது. கண்டக்டர் ஊர்ப்பெயரைக் கூவினார்.

"அப்ப அவன் பாத்திருப்பான்" என்றார். பிறகு மெதுவாக, "பாத்துட்டும் வரல, பாருங்க" என்றார்.

இல்லைங்க, நான் சொன்னது பொய் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் கும்பிட்டுவிட்டு, "வரேன் சார், இனிமே நான் அவனத் தேடல" என்று சொல்லி பஸ்ஸில் ஏறி, மறுபக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்தார். பஸ் கிளம்பும் வரை நான் அங்கேயே நின்றேன்.