இரண்டு மைக்

தியாகதுருகம் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கு அட்மிஷன் வீடியோ எடுக்கப் போனேன். வகுப்பறைக் காட்சி முடிந்ததும் டீச்சரின் சேலையில் குத்திய மைக்கைக் கழற்ற மறந்துவிட்டேன். வெளியே, களையெடுப்பை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு அம்மா இன்னொரு மைக்கில் பேசினார்: "இங்க புள்ளைங்கள அடிக்கவே மாட்டாங்க."

என் ஹெட்போனில் பிரம்படி விழுந்துகொண்டிருந்தது. "வேணாம் மிஸ்!" என்று ஒரு குழந்தை அலறியது.

"நல்லா வந்துச்சுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டினேன்.

"ஐயோ, எம் பொண்ணு!"

உள்ளே ஓடியவர் பிரம்பைப் பிடுங்கி டீச்சரை ரத்தம் வர விளாசினார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பள்ளித் தாளாளர் என்னிடம் கத்தினார்: "இன்னா பாத்துக்கினு நிக்கிற? அந்தம்மா பேசுனத போட்டு, 'நேரில் வந்து பாருங்கள்'னு முடி."

ஒரு மைக்கின் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டு, மானங்கெட்ட நான் அப்படியே முடித்துக் கொடுத்தேன்.