சாம்பல் கட்டங்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு எதையும் லேசில் நம்பாத குணம். இருபது வருஷமாக அந்தச் சின்ன அறையில் மிஷினோடு குடித்தனம் நடத்துகிறார். அவர் சரி என்று சொல்லாமல் ஒரு நோட்டீஸ்கூட வெளியே போகாது.

மருந்தாளரான நான் ஆபரேஷனுக்கு முன் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் தயாரித்தேன். நிறுத்த வேண்டியது வெளிர் சிவப்புக் கட்டத்தில், தொடர வேண்டியது வெளிர் பச்சைக் கட்டத்தில். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்கா அதை மிஷினில் வைத்து ஒரு கறுப்பு வெள்ளை நகல் எடுத்தார். இரண்டு கட்டமும் ஒரே சாம்பல் நிறம்.

"பாத்தாலே தெரியுதே, மேல இருக்கிறது நிறுத்தணும்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும் சார். கலர்ல பாத்தவரு நீங்க. பாக்காதவங்ககிட்டதான் கேக்கணும்."

என்னையும் கூட்டிக்கொண்டு வாட்ச்மேன் அண்ணனைத் தேடிப் போய் நகலைக் கொடுத்தார். அவருக்கே நான்கு நாளில் குடலிறக்க ஆபரேஷன். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நகல் கொடுத்த அந்த நாளிலிருந்தே நிறுத்த வேண்டும் என்பது டாக்டர் எனக்கு அனுப்பியிருந்த உத்தரவு. பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணாத்தான இருக்கு? வழக்கம்போலச் சாப்பிட வேண்டியதுதான்" என்றார்.

அக்கா திரும்பி வந்து கம்ப்யூட்டரில் நோட்டீஸின் நிறங்களை எடுத்தார். ஒரு கட்டத்துக்குத் தடித்த கோடும் 'நிறுத்துங்கள்' என்ற சொல்லும், இன்னொன்றுக்கு மெல்லிய கோடும் 'சாப்பிடுங்கள்' என்ற சொல்லும் வந்தன. நகல் எடுத்தார், நகலின் நகலையும் எடுத்தார். எழுத்து கலங்கவில்லை. கடைசி வரியை உரக்கப் படித்தவர் சிரித்துவிட்டார். 'சிவப்பில் உள்ளவற்றை நிறுத்தவும்' என்று நான் எழுதியது அப்படியே கிடந்தது.

அதையும் மாற்றிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"முதல் நகல் எங்க?"

வாட்ச்மேன் கையிலேயே விட்டுவிட்டோம். வாசலில் அடுத்த ஷிப்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்; அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா புதுத் தாளை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார், நான் பின்னால் ஓடினேன்.

இரண்டு தெரு தள்ளி வாட்ச்மேன் அண்ணன் வீடு. சாம்பல் கட்டத் தாள் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் டம்ளருக்கு அடியில் கிடந்தது. பக்கத்தில் இரண்டு மாத்திரைகள், இன்னும் விழுங்காமல்.

"நோட்டீஸ்ல ஒரே மாதிரிதான இருக்கு. அதான் ரெண்டையும் எடுத்து வச்சேன்" என்றார் அவர் மனைவி.

அக்கா எதையும் விளக்கவில்லை. பழையதை உருவிக்கொண்டு புதியதை நீட்டினார். அந்த அம்மா விரல் வைத்துப் படித்தார். 'நிறுத்துங்கள்' என்ற இடத்தில் விரல் நின்றது. ஒரு மாத்திரையை எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினார்.

அக்கா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். பழைய தாளின் குறுக்கே பெரிதாக எழுதினார்: 'சோதனைக்கு மட்டும்.'