மீட்டர் முள் ஏறிய பகல்

பெற்றீசியா எதையும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். பிஸ்கட் டின்னின் அடிப்பக்கம், மருந்துக் குப்பியின் பின்பக்கம், ரயில் பெட்டியின் கதவில் ஆணியடித்த சின்னத் தகடு என எதில் எழுத்து இருந்தாலும் குனிந்து வாசிப்பாள். றொசல்லவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள் அவள். அம்மா இராசம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்தை எத்தனை வேளை குடிக்க வேண்டும் என்று எட்டு வயது மகளிடம் கேட்டுத்தான் குடிப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் குப்பிகளோடு வந்தார்கள். அந்தப் பழக்கம் அவளிடம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

படித்து முடித்ததும் தட்டெழுத்துப் பழகினாள். ஹற்றனில் ஒரு வக்கீல் கந்தோரில் சில வருஷம் வேலை பார்த்தாள். பிறகு முதியோர் எழுத்தறிவு நிலையம் ஒன்றில் சேர்ந்தாள். கொழுந்தெடுக்கும் பெண்களுக்குச் சாயந்தர வகுப்பு நடத்துகிற சின்ன நிலையம் அது. ஒரு தோட்டத்தின் ஓரத்தில் முன்பு ஸ்டோர்கீப்பர் குடியிருந்த பழைய வீட்டில் நடந்தது. பாடத்தாள்களைத் தமிழ்த் தட்டச்சில் ஸ்டென்சில் வெட்டி, ரோனியோ என்கிற பிரதி மெஷினில் உருட்டிக் கொடுப்பது அவள் வேலை. அங்கே எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு, அவளுக்கு நாற்பத்தொரு வயது நடக்கும்போது, நிலையத்துக்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு பெட்டிகள் வந்தன. கொம்பியூட்டர் ஒன்று, பிரின்டர் ஒன்று. அங்கே இருந்த ஒரு பாதிரியார் அனுப்பியது. தமிழ் எழுத்தைப் புள்ளி புள்ளியாய் அடிக்கும் புரோகிராம் ஒன்றும் கூடவே வந்த ஃபிளொப்பித் தட்டில் இருந்தது. நிலையத்தின் பொறுப்பாளர் ஜோர்ஜ் நல்ல மனுஷன், கணக்கில் கெட்டிக்காரர், ஆனால் அவசரக்காரர். பெட்டி வந்த அன்றே கொம்பியூட்டரை நம்மூர் மின்சாரத்துக்குச் சரி பார்த்து, இரண்டு வயர்களின் தட்டைப் பிளக்குகளையும் வெட்டி எறிந்துவிட்டு, உருண்டைக் கால் வைத்த மூன்று முனைப் பிளக்குகளைப் பூட்டி வைத்திருந்தார்.

"டீச்சர், பிரின்டரக் குத்துங்க. பிளக்கு மாத்தியாச்சு, இனி ஒண்ணும் பயமில்ல."

பெற்றீசியா பிளக்கைக் கையில் பிடித்தபடியே பிரின்டரின் பின்பக்கம் குனிந்தாள். வயர் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துண்டு. நகத்தளவு சுவிட்ச். அதன் வாயில் வெள்ளையாய் 115 என்று எழுதியிருந்தது. கீழே தகட்டில் இரண்டு வரி: 115 வோல்டுக்கு இரண்டு அம்பியர் ஃபியூஸ், 230 வோல்டுக்கு ஒரு அம்பியர் ஃபியூஸ்.

"சார், இது நூத்திப் பதினஞ்சுல நிக்குது. நம்ம கரண்டு இருநூத்தி முப்பதில்லையா?"

ஜோர்ஜ் வந்து குனிந்தார். சுவிட்சை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பிளக்குதான் வேற மாதிரின்னு நெனச்சேன்," என்றார் மெல்ல.

பிளக்கின் கால் பொருந்துவதும் உள்ளே வரும் மின்சாரம் பொருந்துவதும் வேறு வேறு காரியம் என்பது அன்றைக்கு இருவருக்கும் விளங்கியது. பெற்றீசியா ஸ்க்ரூ டிரைவர் முனையால் சிவப்புத் துண்டைப் பக்கவாட்டில் தள்ளினாள். டக்கென்று 230 வந்து நின்றது. மறுநாள் ஹற்றனுக்குப் போய் ஒரு அம்பியர் ஃபியூஸ் வாங்கி வந்தாள். வோல்ட் இரட்டிப்பானால் இழுக்கும் அம்பியர் பாதியாகும், பழைய ஃபியூஸ் அப்படியே கிடந்தால் ஆபத்து வரும்போது காலத்தோடு அறுந்துபோகாது என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள்.

பிரின்டர் ஓடியது. புள்ளிகள் சேர்ந்து 'அ' ஆவதைப் பார்க்க அவள் கண்ணைக் காகிதத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். அந்த ஒரு எழுத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணியே விட்டாள்.

சிக்கல் மறுவாரம் வந்தது. காலை வேளைகளில் பிரின்டர் பாதி வரியில் நிற்கும். பிறகு தானாய் உசும்பி, தலையை இடது ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத எழுத்துகளை அடிக்கும். மேசை விளக்கு மங்கித் தெரியும். மத்தியானத்துக்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகிவிடும். ஏன் மத்தியானத்துக்குப் பிறகு மட்டும்? பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் பெற்றீசியா அதையே யோசித்தாள்.

தோட்டத்துத் தேயிலை ஆலையை அங்கே எல்லோரும் ஸ்டோர் என்பார்கள். அங்கே மின்சார வேலை பார்த்தவன் நல்லமுத்து. அவளைவிட ஏழெட்டு வயது இளையவன். அவனிடம் போய்க் கேட்டாள்.

"ஒங்க நிலையத்துக்குக் கரண்டு எங்க ஸ்டோர் கம்பியிலருந்துதாங்கக்கா வருது," என்றான் அவன். "அரை மைல் இழுத்திருக்கோம். கம்பியும் மெலிசு. நாங்க கொழுந்து உருட்டுற ரோலர் எல்லாத்தையும் ஓட்டுனா கடைசியில இருக்கிற ஒங்களுக்கு மிச்சமிருக்கிறதுதான் வரும்."

"எவ்வளவு மிச்சம் வரும்?"

"அது அளந்து பாத்தாத்தான் தெரியும்."

ஆலையின் பழைய பலகையிலிருந்து கழற்றிய ஒரு வோல்ட் மீட்டர் அவனிடம் கிடந்தது. அதை மரப்பெட்டியில் வைத்து மூடி, வயரும் பிளக்கும் பூட்டிக் கொடுத்தான். கை படும் இடத்தில் கம்பி ஒன்றும் தெரியவில்லை. பெற்றீசியா அதை மேசையோரத்தில் குத்தி வைத்து, அரை மணிக்கு ஒருமுறை முள் காட்டியதைக் கொப்பியில் எழுதினாள். ஒன்பது நாள் எழுதினாள். காலை எட்டிலிருந்து நூற்று அறுபது, நூற்று ஐம்பத்தெட்டு என்று கிடக்கும். பகல் பன்னிரண்டரை சுமாருக்கு ஒரே ஏற்றமாய் இருநூற்று முப்பதைத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இறங்குவதே இல்லை. அன்றைக்குச் சர்ச்சில் பூசை முடிந்து, அதற்காகவே நிலையத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பத்தாம் நாள் கொட்டகலையில் ஒரு வகுப்புக்குத் தாள் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது மணி பன்னிரண்டு ஆகிக்கொண்டிருந்தது. வாசலிலேயே பிரின்டர் சத்தம் கேட்டது. காலையில் ஓடாத பிரின்டர் விறுவிறுவென்று அடித்துக்கொண்டிருந்தது. எழுத்துகள் கருகருவென்று விழுந்தன. ஜோர்ஜ் நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா டீச்சர். சாயந்தரம் வகுப்புக்கு அம்பது தாள் வேணும், இப்பவே முப்பது முடிஞ்சுது."

பெற்றீசியாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. சத்தத்துக்கு அடியில் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் கேட்டது. பிரின்டரின் பின்பக்கம் கையை வைத்தாள். சோற்றுப் பானை மூடிபோலச் சுட்டது. குனிந்தாள். சிவப்புத் துண்டு 115 இல் நின்றது.

சுவரிலிருந்த சுவிட்சை நிறுத்திப் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"சார், இத மாத்துனது நீங்களா?"

"ஆமா. ஏன் நிப்பாட்டுனீங்க? இப்பதான் ஒழுங்கா அடிக்குது." அவர் குரலில் கோபம் இருந்தது. "நீங்கதான எழுதி வச்சிருக்கீங்க, காலையில நூத்தி அம்பத்தெட்டுன்னு. நூத்தி அம்பத்தெட்டு எதுக்குக் கிட்ட? இருநூத்தி முப்பதுக்கு எழுபத்திரண்டு கொறையுது. நூத்திப் பதினஞ்சுக்கு நாப்பத்தி மூணுதான் கூட. கிட்ட இருக்கிற பக்கம் வச்சேன். கணக்கு பிழையா?"

கணக்கில் பிழையில்லை. அதுதான் அவளைத் திணறடித்தது. அவள் கொப்பியை எடுத்து விரித்தாள்.

"காலையில எழுதுனது மட்டும் பாத்திருக்கீங்க சார். இந்தப் பக்கம் பாருங்க. பன்னெண்டரைக்கு ரோலர் நிக்கும். அப்ப என்ன ஆகுதுன்னு பாருங்க."

"தெனமுமா நிக்கும்?"

"நான் எழுதுன ஒன்பது நாள்ல வேல நாள் எல்லாத்துலயும் நின்னுச்சு. இன்னைக்கும் நிக்குமான்னு எனக்குத் தெரியாது. ஒக்காந்து பாப்போம்."

இரண்டு பேரும் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. முள் நூற்று ஐம்பத்தெட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. பன்னிரண்டே கால். பன்னிரண்டரை. ஜோர்ஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கப் போனார். பெற்றீசியாவுக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான். மழைக்காலம், கொழுந்து அதிகம், இன்றைக்கு ரோலர் ஒரு மணி தாண்டியும் ஓடினால்?

முள் அசைந்தது. நூற்று எழுபத்தாறில் போய் நின்றது.

"ஒரு ரோலர் நின்னுருச்சு," என்றாள்.

இரண்டு நிமிஷம் கழித்து இருநூற்று ஐந்து. அப்புறம் கடைசி ரோலரும் நின்றிருக்க வேண்டும். முள் ஒரே தாவில் இருநூற்று முப்பத்தெட்டுக்குப் போய், அங்கே நடுங்கிக்கொண்டு நின்றது. மேசை விளக்கு பளீரென்றானது.

ஜோர்ஜ் முள்ளையே பார்த்தார். பிறகு சிவப்புத் துண்டைப் பார்த்தார்.

"நூத்திப் பதினஞ்ச எதிர்பாத்துக்கிட்டிருக்கிற சாமானுக்குள்ள ரெண்டு மடங்குக்கு மேல போயிருக்கும்," என்றார்.

"ஆமாங்க சார். கொறஞ்சா நின்னுபோகும், கூடுனா எரிஞ்சுபோகும். அதனால சுவிட்சு இருநூத்தி முப்பதுலயே கெடக்கட்டும். ஏறி எறங்குற கரண்ட வெளியில வச்சே சரி பண்ண ஏதாவது இருக்கான்னு பாப்போம்."

அவர் தன் கையாலேயே சுவிட்சை 230க்குத் தள்ளினார். மிச்சம் இருபது தாளும் மத்தியானத்துக்குப் பிறகு ஒழுங்காய் அடித்து முடிந்தன.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஸ்டெபிலைசர் ஒன்று வந்தது. ஒரு ஆள் சிரமப்பட்டுத் தூக்கும் இரும்புப் பெட்டி. நூற்று ஐம்பதிலிருந்து இருநூற்று அறுபது வரை என்ன வந்தாலும் இருநூற்று முப்பதுக்குப் பக்கமாய்க் கொண்டுவந்து கொடுக்கும். முள் இறங்கும்போது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், ஏறும்போது இன்னொரு 'டிக்'. நல்லமுத்து அதைப் பூட்டிவிட்டு, இனி யாரும் தள்ளாதபடி பிரின்டர் சுவிட்சின் மேல் ஒரு சின்னத் தகட்டைத் திருகாணியால் முடுக்கினான். பெற்றீசியா ஸ்டெபிலைசருக்கு முன்னும் பின்னும் மீட்டரைக் குத்திப் பார்த்தாள். முன்னால் நூற்று அறுபது, பின்னால் இருநூற்று இருபத்திரண்டு.

"உள்ள என்ன பண்ணுது நல்லமுத்து?"

"உள்ள ஒரு சுருள் இருக்குங்கக்கா. அதுல அங்கங்க வயர் எடுத்து வச்சிருப்பாங்க. கரண்டு கொறைய ஒரு வயருக்கு மாறும், கூட இன்னொண்ணுக்கு மாறும். அந்த மாறுற சத்தந்தான் டிக்கு."

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் அடியோடு போனபோது ஸ்டெபிலைசராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வராத மின்சாரத்தை அது எங்கிருந்து கொடுக்கும்? அடித்துக்கொண்டிருந்த நான்கு பக்கப் பாடம் ஒரு நொடியில் மறைந்தது. ஒரு வருஷம் கழித்து, பாட்டரி வைத்த யூபிஎஸ் ஒன்றையும் ஜோர்ஜ் எழுதிக் கேட்டு வாங்கினார். பெற்றீசியா அதை ஸ்டெபிலைசருக்குப் பின்னால் பூட்டி, கொம்பியூட்டரை மட்டும் அதில் சேர்த்தாள். பிரின்டர் நின்றால் மறுபடி அடித்துக்கொள்ளலாம், எழுதினதைத் தட்டில் சேமிக்கப் பத்து நிமிஷம் கிடைத்தால் போதும், பாட்டரியைப் பிரின்டருக்குத் தின்னக் கொடுப்பானேன் என்பது அவள் கணக்கு. யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தத் தொடங்கினால் அவசரப்படாமல் வரியை முடித்து, சேமித்து, அணைப்பாள்.

செய்தி மெல்லப் பரவியது. திம்புள்ள பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வெளிநாட்டிலிருந்து டேப் ரெக்கோடர் வந்தபோது, அதைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு சுகிர்தம் என்கிற டீச்சர் பஸ்ஸில் வந்தாள்.

"இத நம்ம கரண்டுல குத்தலாமா டீச்சர்?"

பெற்றீசியா அதைத் திருப்பி, தகட்டை வாசித்தாள். அதில் சுவிட்ச் எதுவும் இல்லை, நூற்றுப் பத்து மட்டும்தான் போட்டிருந்தது.

"இத நேரா குத்தாதீங்க. எறக்கிக் குடுக்கிற டிரான்ஸ்போர்மர் ஒண்ணு வேணும். அதுக்கு எத்தன வாட்டுன்னு போட்டிருக்கான், இருங்க, எழுதித் தாறேன்."

ஜோர்ஜ் அவளுடைய கொப்பியின் பிரதி ஒன்றை மின்சார சபை எஞ்ஜினியருக்கு அனுப்பி வைத்தார். ஒன்றரை வருஷம் கழித்து எஞ்ஜினியர் நேரில் வந்து, சிங்களத்தில், இதை யார் எழுதியது என்று கேட்டார். பெற்றீசியா தான்தான் என்றாள். அவர் பக்கங்களைப் புரட்டினார். நிலையத்துக்குத் தடித்த கம்பி போட ஏற்பாடு செய்தார். அதன் பிறகு காலையில் முள் இருநூற்றுப் பத்துக்குக் கீழே போனதில்லை. ஸ்டெபிலைசர் எப்போதாவதுதான் டிக் என்றது.

மீட்டரை நல்லமுத்து திரும்பக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முள் இருநூற்று நாற்பத்தாறு வரை போவதைப் பெற்றீசியா புதிதாய்க் கவனித்தாள். ஸ்டோர் ஓடாத நாளில் இருநூற்று முப்பது காட்டினால் நியாயம், மேலே இந்தப் பதினாறு எங்கிருந்து வருகிறது? திங்கட்கிழமை காலை, கொப்பியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, நல்லமுத்துவிடம் கேட்க ஸ்டோர்ப் பக்கம் நடந்தாள்.