அறுநூறு செங்கல்

அக்காவுக்குச் சயரோகம் என்று டொக்டர் சொன்ன நாளில் நான் அழவில்லை. மடிப்பு அடிக்கோலை எடுத்துக்கொண்டு பின் மண்டபத்தை அளக்கப் போனேன். கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியருக்கு வேறு என்ன தெரியும்?

அத்தான் மலாயாவில் கிளாக்கர். அக்கா ஒன்றரை வயதுப் பெண் குழந்தையோடு எங்கள் கொக்குவில் வீட்டில் இருந்தாள். டொக்டர் அம்மாவையும் என்னையும் வாசலில் நிற்கவைத்துத்தான் கதைத்தார்.

"பிள்ளை தாயோடை ஒரே அறையிலை இருக்கக் கூடாது. ஒண்டில் தாயை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கோ, இல்லாட்டி வீட்டை மறிச்சுக் கட்டுங்கோ. ஓலைத்தட்டி, பாய் ஒண்டும் சரிவராது. சுண்ணாம்பு அடிச்சுக் கழுவக்கூடிய சுவர் வேணும்."

சயரோகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வந்ததை எங்கள் ஒழுங்கையில் யாரும் கண்டதில்லை. ஆகவே சுவர்.

எங்கள் ஊரில் சுவர் என்றால் சுண்ணாம்புக் கல்லில் ஒன்றரை அடித் தடிப்பு. அதை வீட்டுக்குள் கட்டினால் அத்திவாரம் வெட்டவேண்டும். அக்காவின் கட்டில் போடவும் இடம் இருக்காது. அதனால் அரைக்கல் சுவர் என்று முடிவுசெய்தேன். செங்கல்லை நீளவாட்டில் ஒற்றை வரியாக அடுக்குவது. தடிப்பு ஒரு சாண்கூட இல்லை. தள்ளினால் விழுந்துவிடும் என்று அம்மா பயந்தாள். விழாமல் இருக்கத்தான் இரும்புப் பட்டை. ஓரங்குல அகலத்தில் மெல்லிய பட்டையைத் தாரில் தோய்த்து, சாந்து பிடிக்கும்படி மணலில் புரட்டி, நாலு வரிசைக்கு ஒன்றாகச் சீமெந்துச் சாந்துக்குள் கிடத்தவேண்டும். பட்டையின் இரண்டு முனையையும் பக்கத்துக் கல்சுவர்களில் துளைத்த பொந்துக்குள் வளைத்து இறுக்கிவிட்டால், சுவர் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கும்.

நீளம் பன்னிரண்டு அடி, கூரைக்குக் கீழே அடித்த பலகைத் தட்டு வரை உயரம் ஒன்பது அடி. மூன்று அடி ஒரு யார் என்றால், பன்னிரண்டு சதுர யார். சாந்தோடு சேர்த்து ஒன்பது அங்குல நீளமும் மூன்று அங்குல உயரமும் உள்ள கல் என்றால் ஒரு சதுர யாருக்கு நாற்பத்தெட்டு. இப்போதைய பிள்ளைகளின் சதுர மீற்றரில் ஐம்பத்தேழு அல்லது ஐம்பத்தெட்டு. சாந்து யாருக்கு முக்கால் கன அடி. பன்னிரண்டு யாருக்கு ஐந்நூற்று எழுபத்தாறு கல். உடைவதற்கும் சேர்த்து அறுநூறு. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நான் கெட்டிக்காரன் என்று எனக்கே பட்டது.

செங்கல் எங்களூர்ச் சாமான் அல்ல. வன்னிப் பக்கத்துச் சூளையிலிருந்து ரயிலில் வந்தது. சுவர் கட்ட வந்த மேசனார் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவரும் என்னைப் போலக் கல்சுவர்க்காரர்தான்.

"கல்லுச் சிறிசாக் கிடக்குது ஐயா."

"செங்கல் அப்பிடித்தான் இருக்கும், மேசனார். நீங்கள் கட்டுங்கோ."

அடிக்கோல் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து ஒரே ஒரு கல்லை அளந்திருக்கலாம். அளக்கவில்லை. மணலில் மட்டும் கவனமாக இருந்தேன்: கடற்கரை மண் வேண்டாம், உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்று உள்ளூர் மணலே ஏற்றுவித்தேன். அந்த வாயால் கல்லைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டிருந்தால்!

ஏழரை அடி உயரத்தில் கல் தீர்ந்துபோனது. அதன்பிறகுதான் அளந்தேன். எட்டங்குல நீளம், இரண்டேகால் அங்குல உயரம். ஒரு யாருக்கு நாற்பத்தெட்டு அல்ல, ஐம்பத்தொன்பது கல் போயிருக்கிறது. பொருத்துகள் கூடியதால் சாந்தையும் அதிகமாகக் குடித்துவிட்டது. கண்ணால் காணாத கல்லுக்குக் கணக்குப் போட்ட வெட்கத்தில் மேசனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் நூற்றிருபது கல்லுக்கு எழுதிப்போட்டோம். வர மூன்று கிழமை ஆகும் என்றார்கள்.

சுவருக்கும் தட்டுக்கும் இடையே ஒன்றரை அடி திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் அக்கா. அவளுக்குப் பின்விறாந்தையால் வேறு வாசல். இந்தப் பக்கம் பிள்ளையும் நாங்களும்.

முதல் நாள் பிள்ளை தாயைத் தேடி வீறிட்டது. அம்மாவால் சமாளிக்க முடியவில்லை. அப்போது மேலே இருந்து, "கூ" என்று ஒரு குரல் வந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தது. மறுபடி "கூ". பிள்ளையும் "கூ" என்றது. அந்தப் பக்கம் சிரிப்பும் இருமலும் சேர்ந்து கேட்டன.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. பிள்ளை விடிந்ததும் சுவரடிக்கு ஓடிப்போய், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு "கூ" என்னும். தாய் சுவரின் உச்சியில் குடியிருக்கிறாள் என்று அது நினைத்திருக்கவேண்டும். ஓலைத்தட்டி ஒன்றால் அந்த இடைவெளியை மறைக்கும்படி அம்மா சொன்னாள். "வேண்டாம் தம்பி" என்று அக்கா அந்தப் பக்கத்திலிருந்து கெஞ்சினாள். நான் தட்டி கட்டவில்லை. என் பிழை அவளுக்கு ஏதோ கொடுத்துவிட்டதுபோல ஒரு அற்பச் சந்தோஷமும் எனக்குள் இருந்தது.

மூன்றாம் கிழமை பிள்ளைக்கு மூக்கு ஒழுகித் தடிமனும் இருமலும் வந்தன. டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வெறும் தடிமன்தான் என்றார். பிறகு மேலே பார்த்தார்.

"உதென்ன தம்பி, உந்த வெளி? பாதிச் சுவர் ஒரு சுவரோ? பிள்ளை பிழைக்க வேணுமெண்டால் உதை இண்டைக்கே அடையுங்கோ."

கல் அதற்கு முதல் நாளே வந்திருந்தது. முற்றத்தில் குவித்துக் கிடந்ததை நான் யாருக்கும் சொல்லாமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

மேசனார் சாரம் கட்டி ஏறினார். நாலு வரிசை, ஒரு பட்டை, மறுபடி வரிசை. தட்டை முட்டும் வரிசையில் ஒரு கல்லுக்கு மட்டும் இடம் இருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, அந்த ஒரு கல்லை விடன். ஒரு கல்லாலை என்ன வந்திடும்?"

மேசனார் கரண்டியைப் பலகையில் வைத்துவிட்டார். "எனக்குக் கை வரேல்லை ஐயா. நீங்கள் வையுங்கோ."

நான் ஏறினேன். ஓட்டையால் அவளைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு மெலிந்துபோயிருந்தாள்! கல்லுக்குச் சாந்து பூசி உள்ளே தள்ளினேன்.

"வைச்சிட்டியோ?" என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து.

"ஓம் அக்கா" என்றேன். அது அவளுக்குக் கேட்டதோ தெரியாது.

கிழமை முடிவதற்குள் இரண்டு பக்கமும் சாந்து பூசிச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. சுவர் உறுதியாக நின்றது. மேசனார் தோளால் தள்ளிப் பார்த்தார்; மயிரளவும் அசையவில்லை. எந்த இடத்திலும் வெடிப்பில்லை. ஒரு ஓவசியருக்கு வேறென்ன வேண்டும்?

அந்தக் கடைசிக் கல் வைத்ததற்கு அடுத்த நாள் விடிய பிள்ளை சுவரடிக்கு ஓடியது. கையைத் தூக்கி "கூ" என்றது. கொஞ்சநேரம் நின்றது. மறுபடி "கூ" என்றது. ஒன்றும் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் அதைத் தூக்க மனமில்லாமல், சுவரில் காதை அழுத்தி வைத்தேன்.

அந்தப் பக்கம் அக்கா விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.