ஐஸ் வைத்த ரத்தம்

ஐஸ்கட்டியைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். எழுபதுகளின் நடுவில் பூந்தமல்லியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்த்தேன். சர்க்கரை, யூரியா எல்லாம் நானே பார்த்துவிடுவேன். பொட்டாசியம் அளக்கிற மெஷின் மட்டும் எங்களிடம் இல்லை. அதற்காக எடுத்த ரத்தத்தை அப்படியே குழாயோடு பிளாஸ்கில் ஐஸ் போட்டு, எங்கள் அட்டெண்டர் பட்டணத்துப் பெரிய லேபுக்குப் பஸ்ஸில் கொண்டுபோவார். அங்கே இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் காலையில்தான் அளப்பார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற ஒருவர் தன் மனைவியைக் கொண்டுவந்து சேர்த்தார். வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு. பேதி நின்ற பிறகும் அந்தப் பெண்ணால் காலைத் தூக்க முடியவில்லை. தண்ணீர் டம்ளரைப் பிடித்தால் கையிலிருந்து நழுவியது. பேதியில் பொட்டாசியம் போய்விட்டால் தசை இப்படித்தான் துவளும். எனக்குத் தெரிந்தது டாக்டருக்கும் தெரியும். ஆனால் வந்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அதிகம் என்றால் கொடுக்கக் கூடாது. இருக்கிற அளவுக்கு மேல் ஏறினால் இதயம் நின்றுவிடும். டாக்டர் பயந்தது நியாயம். பொட்டாசியம் மருந்து வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், இளநீர் கூடவே கூடாது என்று எழுதிவிட்டார். கணவர் வேலை முடிந்து ஆசையாக வாங்கிவந்த இளநீரை நர்ஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அந்தப் பெண்ணோ நாளுக்கு நாள் துணியாகக் கிடந்தாள்.

எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து போன எந்த ரத்தத்துக்கும் பொட்டாசியம் குறைவு என்று ரிப்போர்ட் வந்ததே இல்லை. பேதிக்காரர்கள், வாந்திக்காரர்கள், யாருக்குமே இல்லை. பூந்தமல்லித் தண்ணீருக்கு அவ்வளவு மகிமையா? யோசிக்க யோசிக்க எனக்கு ஐஸ் மேல்தான் சந்தேகம் வந்தது. டாக்டரிடம் போனேன்.

"ஐஸ்ல வெச்சதால இல்லாத பொட்டாசியம் எப்படிம்மா வரும்?" என்றார். "செல் உடைஞ்சா வரும். உடைஞ்சா மேல தெளியற சீரம் செவப்பா இருந்திருக்கும். தெளிவா இருந்துச்சுன்னு அவங்களே எழுதியிருக்காங்க."

"செல் உடைய வேணாம் டாக்டர். ஒழுகினாலே போதும்."

"ஒழுகறதுக்கு அது என்ன ஓட்டைப் பானையா?"

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு அவர் மேஜை மேல் இருந்த காகிதத்தில் படம் போட்டேன். செல்லின் சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகளின் இரண்டு வரிசை. தண்ணீரோடு ஒட்டுகிற தலைகள் வெளிப்பக்கமும் உள்பக்கமும் பார்த்திருக்கும்; தண்ணீர் பிடிக்காத வால்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்திருக்கும். அந்தக் கொழுப்பைத் தாண்டி சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகளால் சுலபமாகப் போக முடியாது. ஆனால் அதில் அங்கங்கே புரதங்கள் பதிந்து மிதக்கின்றன. சில புரதங்கள் வெறும் வழி. அந்த வழியாக, நிறைய இருக்கிற இடத்திலிருந்து குறைவாக இருக்கிற இடத்துக்கு அயனிகள் தானாகவே இறங்கும். அதற்குச் செலவே இல்லை. செல்லுக்குள்ளே பொட்டாசியம் வெளியில் இருப்பதைப்போல் பல மடங்கு. அதனால் அது எப்போதும் வெளியே கசிந்துகொண்டேதான் இருக்கிறது.

"அப்ப உள்ள எப்படி நிறைய நிக்குது?" என்று கேட்டார். கேட்டது எனக்குச் சந்தோஷம்தான்.

"பம்ப் டாக்டர். அதுவும் ஒரு புரதம். உள்ளேயிருந்து மூணு சோடியத்தைப் பிடிச்சுக்கும். செல்லுக்குச் சக்தி தர்ற ஏ.டி.பி. உடைஞ்சு அதோட பாஸ்பேட் பம்ப்ல ஒட்டும். ஒட்டினதும் பம்ப் வடிவம் மாறி வெளிப்பக்கமாத் திறந்து சோடியத்தை விட்டுடும். அப்புறம் வெளியேயிருந்து ரெண்டு பொட்டாசியம் வந்து உக்காரும், பாஸ்பேட் கழண்டுக்கும், பம்ப் பழைய வடிவத்துக்குத் திரும்பி பொட்டாசியத்தை உள்ளே இறக்கிடும். மேட்டுல ஏத்தற வேலை. சக்தி இல்லாம நடக்காது."

அவர் இன்னும் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "உங்க வீட்டு மாடித் தொட்டியை நினைச்சுக்குங்க," என்றேன். "குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு, மோட்டார் ஏத்திக்கிட்டே இருக்கு. கரண்ட் போனா மோட்டார் நிக்கும், சொட்டறது நிக்காது. ஐஸ்ல வெச்சா செல்லோட பம்ப் கிட்டத்தட்ட நின்னுடும். கசிவு கொஞ்சம் குறையும், ஆனா நிக்காது. மறுநாள் காலையில நாம அளக்கறது அந்தப் பொண்ணு உடம்புல இருந்ததை இல்ல, ராத்திரி கசிஞ்சதையும் சேர்த்து."

கதை நன்றாக இருக்கிறது, ரிப்போர்ட் வேறு மாதிரி இருக்கிறதே என்றார். அவள் நரம்பெல்லாம் ஒட்டிப்போயிருக்கிறது, என் பரிசோதனைக்காக இன்னொரு முறை குத்தச் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். சுவரோடு பேசியிருக்கலாம். என் கையை நீட்டி நர்ஸிடம் ரத்தம் எடுக்கச் சொன்னேன்.

ஒரே ஊசி ரத்தத்தை இரண்டு குழாயில் பிரித்தேன். ஒன்றை எங்கள் வழக்கப்படி ஐஸுக்கு ஒதுக்கினேன். இன்னொன்றை உறையவிட்டு, கையால் சுற்றுகிற சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்த சீரத்தை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றினேன். செல்லே இல்லாத இடத்தில் எது கசியும்? இதில் அட்டெண்டருக்கு வந்ததே கோபம்.

"இன்னா மேடம் இது, இத்த மட்டும் ஐஸு இல்லாம வெயில்ல எட்துகினு போவ சொல்றீங்க? கெட்டுப்பூட்ச்சின்னா என்னியத்தான் கேப்பாங்க. இத்தினி வர்சமா பொத்திப் பொத்தி எட்துகினு போறேன், ஒரு கொயா ஒடஞ்சது கெடையாது!"

அவர் சொன்னது சத்தியம். பஸ்ஸில் உட்கார இடமில்லாவிட்டாலும் பிளாஸ்கைக் குழந்தைபோல் இடுப்பில் அணைத்துக்கொண்டு போகிறவர். அவ்வளவு அக்கறையாகத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒவ்வொரு ரத்தத்தையும் கெடுத்துக்கொண்டிருந்தோம். அவரைத் திட்டவும் முடியவில்லை, கொஞ்சவும் முடியவில்லை. கடைசியில் இரண்டையும் ஐஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். செல்லைப் பிரித்த சீரத்துக்கு ஐஸால் ஒன்றும் ஆகாது.

மறுநாள் மாலை ரிப்போர்ட் வந்தது. பிரித்து அனுப்பிய என் சீரத்தில் பொட்டாசியம் நான்கு, சரியான அளவு. ஐஸில் வைத்த ரத்தத்தில் ஏழுக்கு மேல். இரண்டு சீரமும் தெளிவாகவே இருந்ததாக எழுதியிருந்தார்கள். அந்தக் காகிதத்தின்படி நான் ஒரே நேரத்தில் சுகமாகவும், சாகக் கிடப்பவளாகவும் இருந்தேன். டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். எழுந்து அவரே போய் அந்தப் பெண்ணின் கையில் நரம்பு தேடினார்.

அந்த ரத்தத்தை உடனே பிரித்து அனுப்பினேன். இரண்டரைகூட இல்லை என்று வந்தது. அன்றே டிரிப்ஸில் பொட்டாசியத்தை மிக மெதுவாக ஏற்ற ஆரம்பித்தார்கள். சில நாளில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைவரை நடந்தாள். நர்ஸ்கள் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் கோபம் தணியவே இல்லை. அவளுக்கு முன்னால் இதே ஐஸில் போனவர்கள் எத்தனை பேரோ!

இனி இளநீர் கொடுக்கலாம் என்று கணவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வேலைக்குப் போன சட்டையோடு, விரல் இடுக்கில் கிரீஸோடு நின்றிருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்போ அன்னிக்கு வாங்கியாந்தனே, அத்தயே குட்த்திருக்கலாமாம்மா?"

"கொடுத்திருக்கலாம்," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வீணாப் பூடுமேன்னு அத்த பஸ் ஸ்டாப்ல நின்னு நானே குட்ச்சிட்டேம்மா."