பன்னிரண்டைவிடப் பத்து

அறுபதுகளின் நடுவில் கொடைக்கானல் பஜாரில், வண்டி வாங்கக் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். மாடியில் ஒரே அறை. ஈரம் ஏறி ஏறிச் சுவரின் கீழ்ப்பாதி கறுத்துக் கிடக்கும். முதலாளி மதுரைக்காரர், குளிருக்குக் கழுத்தில் மப்ளர் சுற்றியபடியே உட்கார்ந்திருப்பார். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் எனக்குச் சொன்ன ஒரு விஷயம்: "வட்டி எவ்வளவுன்னு கேட்டா பத்துன்னு சொல்லு. எந்தத் தொகைக்குப் பத்துன்னு அவங்களா கேட்டா மட்டும் சொல்லு."

யாரும் கேட்டதில்லை.

நான் மட்டும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். ஆறாயிரம் ரூபாய் கடன், இரண்டு வருடத் தவணை. பத்து சதவீதம் என்றால் வருடத்துக்கு அறுநூறு, இரண்டு வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு. அசலோடு சேர்த்து ஏழாயிரத்து இருநூறு, மாதம் முந்நூறு. கடன்காரர் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வருவார். வட்டி மட்டும் கடைசிவரை முழு ஆறாயிரத்துக்கும் ஓடும். பாக்கி நிற்கும் தொகைக்கு மட்டும் மாதம் ஒன்றரை வட்டி என்று வைத்து, முந்நூறு முந்நூறாய்க் கழித்துக்கொண்டு போனேன். இருபத்து நான்காம் மாதம் கணக்கு ஏறக்குறைய சரியாக முடிந்தது. ஆக, பத்து என்று நாங்கள் சொன்னது உண்மையில் வருடத்துக்குப் பதினெட்டு. அந்தத் தாளைக் கிழித்துக் கணப்புச் சட்டியில் போட்டுவிட்டேன்.

என் அக்காவைக் கூக்காலில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சானுக்கு ஒன்றரை ஏக்கர் பூண்டுக் காடு. பஸ் வராத ஊர். மூட்டைகளைக் குதிரை முதுகில் ஏற்றிப் பூம்பாறைக்குக் கொண்டுவந்துதான் லாரி பிடிக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வழியிலேயே பாதி அழுகும். பழைய ஜீப் ஒன்று எட்டாயிரத்து ஐந்நூறுக்கு வந்தது. மச்சான் கையில் இரண்டாயிரத்து ஐந்நூறு இருந்தது. மிச்சத்துக்காக ஒரு புதன்கிழமை எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார்.

அதற்கு முன்பே பழனியில் ஒரு நிதிக் கம்பெனியில் கேட்டிருந்தார். அங்கே பன்னிரண்டு வட்டி. காட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்க வேண்டும்.

"மாப்ளே, நீ இதுலயே கெடக்கிறவன். அங்க பன்னெண்டு, இங்க பத்துங்கிறாங்க. எது தோது?" என்று கேட்டார்.

முதலாளி மேஜைக்கு அந்தப் பக்கம் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டைவிடப் பத்து கம்மிதானே மச்சான்" என்றேன். "பத்திரமும் உங்க கையிலயே இருக்கும்."

இரண்டாவது வாக்கியம் உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு அன்று இரவு தூங்கினேன் என்றே சொல்ல வேண்டும்.

மச்சான் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தத்தை எழுதியது நான். சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதுதான்.

முதல் வருடம் தவணை ஒருநாள்கூடத் தப்பவில்லை. ஜீப்பில் பூண்டு இறங்கியது, ஊர் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பன்னிரண்டாம் தவணை கட்டிய மாதம் பூண்டு விலை நன்றாக ஏறியது. மச்சான் மூவாயிரத்து நூறு ரூபாயைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"பாதி அசலு கட்டியாச்சு. மிச்சம் மூவாயிரம். இன்னைக்கே முடிச்சு விட்ருங்க. மேல நூறு ரூவாயும் வச்சிருக்கேன்" என்றார் முதலாளியிடம்.

முதலாளி தவணைக் கார்டைப் பார்த்தார். "இன்னும் பன்னெண்டு தவணை இருக்குங்க. மூவாயிரத்து அறுநூறு."

"அது வர்ற வருசத்து வட்டியும் சேத்துல்ல. பணத்தை இன்னைக்கே குடுத்துட்டா வட்டி எதுக்கு?"

"ஒப்பந்தத்துல அப்படித்தாங்க போட்டிருக்கு. முன்னாடி கட்டினாலும் தள்ளுபடி இல்ல. உங்க மச்சினன்தான எழுதினாரு, கேட்டுக்கங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். டீக்கடையில் உட்கார்ந்தோம். வெளியே பனிமூட்டம் தெருவை மறைத்திருந்தது. அவர் டீயைத் தொடவில்லை.

"எழுதிக் காட்டு" என்றார்.

சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். நிதியில் வாங்கியிருந்தால் மாதம் அசல் இருநூற்றைம்பது. அதோடு பாக்கிக்கு மட்டும் வட்டி. முதல் மாதம் அறுபது, அடுத்த மாதம் ஐம்பத்தேழரை. இப்படி மாதம் இரண்டரை ரூபாய் குறைந்துகொண்டே வந்து, கடைசி மாதம் வெறும் இரண்டரை ரூபாய். மொத்த வட்டி எழுநூற்றைம்பது. எங்களிடம் முதல் மாதமும் ஐம்பது, கடைசி மாதமும் ஐம்பது. மொத்தம் ஆயிரத்து இருநூறு.

மச்சான் கடைசி வரியில் விரலை வைத்தார். "அந்த மாசம் நான் தரவேண்டிய அசலே எரநூத்தம்பதுதான். அதுக்கு அம்பது ரூவா வட்டியா?"

"ஆமா மச்சான்."

"நிதியில வாங்கியிருந்தா இன்னைக்கு மூவாயிரத்தோட முடிஞ்சிருக்குமா?"

"முடிஞ்சிருக்கும். இதுவரைக்கும் வட்டி ஐநூத்தம்பத்தஞ்சு போயிருக்கும். அவ்வளவுதான்."

அட்டையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சத்தம் உயராமல் கேட்டார்: "அன்னைக்கு நான் கேட்டப்போ ஒனக்கு இது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எதிரில் இருந்த மனிதர் என் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டியவர்.

"தெரியும் மச்சான்."

அவர் துண்டின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்தார். இரண்டு டீக்கும் அவரே காசு வைத்தார். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

முன்கூட்டிக் கட்டுவதில் லாபம் எதுவும் இல்லை என்று ஆனபின், அந்தப் பணத்தில் விதைப்பூண்டும் உரமும் வாங்கிவிட்டார். அந்த வருடம் ஐப்பசி மழை நிற்கவே இல்லை. பூம்பாறைக்குக் கீழே ரோடு சரிந்து ஜீப் ஐந்து வாரம் ஊரிலேயே நின்றது. காட்டிலும் பாதி அழுகல். இரண்டு தவணை தள்ளிப்போனது. தாமதத்துக்கு அபராதம் போட்டு நோட்டீஸ் டைப் அடித்து அனுப்பச் சொன்னார் முதலாளி. மச்சான் பேரை நானே டைப் அடித்தேன். மூன்றாம் நாள் அக்கா தனியாக வந்தாள். காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி செருகியிருந்தாள். பணத்தை எண்ணி என்னிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டாள்.

"அபராதத்தையாவது நான் கட்டுறேன்க்கா."

"வேணாந்தம்பி. அவருக்குத் தெரிஞ்சா சோறு எறங்காது."

இருபத்து நான்கு தவணையும் கட்டி, அதுவரை கம்பெனி பேரில் இருந்த ஜீப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார் மச்சான். காகிதத்தை வாங்க அவர் வரவில்லை, ஊர்க்காரர் ஒருவரை அனுப்பினார். நான் அந்த வேலையை உடனே விட்டுவிடவில்லை. மேலும் நான்கு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பத்து என்றே சொன்னேன். ஒரு சிலரிடம் கீழே டீக்கடை வரை போய் உண்மையைச் சொன்னதுண்டு. எல்லோரிடமும் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள் என்பது காரணம். அது போதுமான காரணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அக்கா மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் எடுத்துக்கொண்டு கூக்காலுக்குப் போனேன். மச்சான் வாசலில் நின்று, "வாங்க" என்றார். மாப்ளே என்று சொல்லவில்லை. தட்டை முறைப்படி வாங்கிக்கொண்டார், இலை போடச் சொன்னார், பாயசம் இரண்டாம் முறை வைக்கச் சொன்னார். பக்கத்தில் உட்காரவில்லை.

கிளம்பும்போது அக்கா ஊர் எல்லையில் இருந்த ஏரிக்கரை வரை கூட வந்தாள். "மச்சானுக்கு இன்னும் கோவம் போகலையாக்கா?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்றாள். "இனி ஒங்கிட்ட எதையும் கேக்கக் கூடாதுன்னு இருக்காரு. அவ்வளவுதான்."

கோபம் என்றால் என்றைக்காவது தணியும் என்று காத்திருந்திருப்பேன். தூறல் விழ ஆரம்பித்தது. வெரசா போ, பூம்பாறையில பஸ் போயிரும் என்றாள். பூம்பாறை வரை நடந்தேன்.