தேனிக்காரிக்குக் கிடைத்த தலைப்பு

நர்சிங் மூன்றாம் ஆண்டில் எங்கள் வகுப்பைக் களப்பணிக்கு அனுப்பிய கிராமம், என் சொந்த ஊர். பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் மீனவ கிராமம். வீடு வீடாகப் போய் விவரம் எடுத்து, அதில் தெரியும் பிரச்சினையிலிருந்து ஆளுக்கொரு தலைப்பைத் தேர்ந்தெடுத்து, அதைப் பற்றி ஊராருக்கு விளக்க வேண்டும். இந்த ஊரில் நான்தான் முதலாவதாக வருவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போகக்கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். எங்கள் தெரு என் அறைத்தோழிக்குப் போனது. தேனிப் பக்கத்துப் பெண். முதல் நாள் ஏரியைப் பார்த்து "இதுதான் கடலா?" என்று கேட்டவள்.

நான் கருவாட்டு உப்பையும் ரத்த அழுத்தத்தையும் எடுத்துக்கொண்டேன். எல்லா வீட்டிலும் கருவாடு உண்டு. பாதி வீட்டில் பிரஷர் மாத்திரையும் உண்டு. தலைப்புகளைப் பேசும் நாளில் மேடம் தலையாட்டி, "நல்லா இருக்கு, ஆனா போன வருஷமும் இதத்தான் செஞ்சாங்க" என்றார்.

அடுத்து என் அறைத்தோழி எழுந்தாள்.

"ஏரியில கையால இறால் தடவிப் பிடிக்கப் போற பொம்பளைகளுக்கு வர்ற சிறுநீர்ப் பாதைத் தொற்று, மேடம். காலையில இருந்து இடுப்பளவு தண்ணில நிக்கிறாங்க. ஒதுங்க இடமில்லன்னு வீட்டுலயே தண்ணி குடிக்காம கிளம்புறாங்க. வந்தா அடக்கிக்கிறாங்க. ஒரு அம்மாவுக்கு மாசக்கணக்கா எரிச்சல். யார்கிட்டயும் சொல்லலயாம்."

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இது வேணும். இதுதான் வேணும்."

எங்கள் தெருவில் இறால் தடவப் போகிறவர்கள் சிலர்தான். அதில் காலையில் தண்ணீரே குடிக்காத ஆளை எனக்குத் தெரியும். காபி போட்டு எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, தான் வாய் நனைக்காமல் இறால் போடும் பறியை எடுத்துக்கொண்டு கிளம்பும் என் அம்மா.

அம்மாவுக்கு நோய் என்ற கவலை அப்புறம்தான் வந்தது. என்னிடம் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறாளே என்ற பொறாமைதான் முதலில் வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட இன்னாத்துக்குமா சொல்லல?"

"இன்னாத்த?"

"எரிச்சல."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்கிட்ட சொன்னா நீ நைனாகிட்ட சொல்லுவ, அழுவ, என்னைத் தண்ணிக்குப் போவாதன்னு சொல்லுவ. அது வெளியூர்ப் பொண்ணு. கேட்டுச்சு, சொன்னேன். நாலு நாள்ல அது ஊரப் பாத்துப் போயிடும்ல."

"நான் நர்ஸுக்குப் படிக்கிறேன்மா."

"படி. யாரு வேணான்னா?"

மறுநாள் தேனிக்காரிதான் அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். சிறுநீரைப் பரிசோதித்ததில் தொற்று இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். எரிச்சல் நின்றாலும் பாதியில் நிறுத்தக்கூடாது என்று அவள் சொல்ல, அம்மா "சரி கண்ணு" என்றாள். என்னை அம்மா கண்ணு என்று கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தபடி, பின்னாலேயே போன நான் வாசலில் நின்றேன்.

தேனிக்காரியின் கூட்டம் அங்கன்வாடியில் நடந்தது. ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். பேசுவதற்கு முன் சில கேள்விகள், பேசிய பின் அதே கேள்விகள். என்ன புரிந்தது என்று தெரிந்துகொள்ள. தண்ணீர் குடிக்கணும், அடக்கக்கூடாது, கரைக்கு வந்ததும் ஈரத்துணியை மாற்றணும், காய்ச்சலோ முதுகுவலியோ வந்தால் உடனே டாக்டரிடம் போகணும் என்று படம் காட்டிச் சொன்னாள். நடுவில் ஒரு வார்த்தைக்குத் தடுமாறியபோது, எங்கள் ஊர்ச் சொல்லை நான்தான் எடுத்துக்கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து நன்றியோடு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நன்றியும் பிடிக்கவில்லை.

"குடிக்கிறோம். எங்க போறது?" என்று ஒருத்தி கேட்டாள். பெண்களே பேசி, நடுவில் ஒருமுறை சேர்ந்து கரையேறுவது, இரண்டு பேர் சேலையை மறைப்பாகப் பிடிப்பது என்று முடிவு செய்தார்கள். படகுத் துறையில் கழிப்பறை கேட்டுப் பஞ்சாயத்தில் மனு கொடுக்க கிராம நர்ஸம்மா ஒத்துக்கொண்டார். அந்தக் கழிப்பறை இன்னும் வரவில்லை.

என் கூட்டத்துக்கு வந்தவர்கள் பிரஷர் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். மேடம் எனக்கு மார்க்கில் குறை வைக்கவில்லை. அவளைத்தான் கல்லூரி முழுக்கப் பேசினார்கள்.

அம்மாவுக்குக் குணமாகிவிட்டது. இப்போது தண்ணீர் பாட்டில் இல்லாமல் ஏரிக்குப் போவதில்லை. நான் மீஞ்சூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். முன்பின் தெரியாத பெண்கள் என்னிடம் எதையெதையோ சொல்கிறார்கள். நானும் முகம் மாறாமல் கேட்கிறேன்.

தேனிக்காரி இன்றைக்கும் அம்மாவுக்குப் போன் செய்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்கும்போதே வந்தது. அம்மா போனை எடுத்துக்கொண்டு வலை காயும் பக்கம் போய் நெடுநேரம் பேசினாள்.

"இன்னாமா சொல்றா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, சும்மாத்தான்" என்றாள், இன்னும் சிரிப்பு அடங்காமல்.